மணிக்கட்டு ரேகையும் சுக்கிர வளையமும்
(நூலக வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கைரேகை என்றதும் ஆயுள் ரேகை, புத்தி ரேகை, இருதய ரேகை என்று மூன்றைச் சொல்லிவிடுவோம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் விதி ரேகையையும் சேர்ப்பார். இன்று நான் பேசப் போவது இந்தப் பெரிய ரேகைகளைப் பற்றி அல்ல. ரேகைப் புத்தகங்களின் கடைசி அத்தியாயத்தில் இரண்டு பக்கம் மட்டும் பெறும் இரண்டு அடையாளங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, கை முடிந்து மணிக்கட்டு தொடங்கும் இடத்தில் வளையல் போலக் குறுக்கே ஓடும் கோடுகள். மணிபந்த ரேகை, கங்கண ரேகை என்றெல்லாம் அதற்குப் பெயர். மற்றொன்று சுக்கிர வளையம். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் தொடங்கி, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையில் முடியும் அரைவட்டம் அது. இருதய ரேகைக்கு மேலே, விரல்களின் அடிவாரத்தில் இருக்கும். எல்லார் கையிலும் இருக்காது. இருந்தாலும் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் இருக்கும்.

இந்த இரண்டையும் நான் சேர்த்து எடுத்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் ஒரு பெண்ணின் கையைப் பார்த்துச் சொல்லப்படும் மிகக் கடுமையான வாக்குகளில் சில இவற்றின் பேரில்தான் சொல்லப்படுகின்றன. முதல் மணிக்கட்டு ரேகை உள்ளங்கைக்குள் வில்லாக வளைந்து ஏறினால் குழந்தை பாக்கியத்தில் தடை என்பார்கள். சுக்கிர வளையம் முழுதாக இருந்தால் குணம் சரியில்லை என்பார்கள், அல்லது நரம்புத் தளர்ச்சி என்பார்கள். கேட்பவர்கள் இவை ரிஷிகள் சொன்னவை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் இவை எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம்.

முதலில் நம் பழைய நூலுக்குப் போகலாம். ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில் ஆணின் அங்க லட்சணத்துக்கு ஒரு பெரிய அத்தியாயமும், கன்னியின் லட்சணத்துக்கு வேறொன்றும் உண்டு. மணிக்கட்டைப் பற்றி அதில் வருகிறது. ஆனால் அவர் முதலில் பார்ப்பது கோட்டை அல்ல, மூட்டை. எலும்பு துருத்தாமல் சதைக்குள் மறைந்து, உறுதியாக, நன்றாகப் பொருந்திய மணிக்கட்டு அரசனுக்கு உரியது. குறைபட்ட மணிக்கட்டு கை வெட்டுப்படுவதற்கு அறிகுறி. தளர்ந்து, அசைத்தால் சத்தம் போடும் மணிக்கட்டு உடையவன் காசில்லாதவன். (சிரிப்பு.) கையைச் சொடுக்கிப் பார்க்க வேண்டாம், இந்த வயதில் நம் எல்லாருக்கும் சத்தம் வரும்.

கோடு என்று அவர் சொல்வது வேறு. மணிக்கட்டிலிருந்து கிளம்பி உள்ளங்கைக்குள் ஏறும் மூன்று ரேகைகள் அரசனுக்கு அடையாளம் என்கிறார். கவனியுங்கள், மேலே ஏறுவது அங்கே ராஜ லட்சணம். குறுக்கே வளைய வரும் கோடுகளைப் பற்றிப் பிற்காலச் சாமுத்திரிகா நூல்கள் பேசுகின்றன. மணிக்கட்டைச் சுற்றி யவ தானியம் கோத்தது போன்ற சங்கிலி, அதாவது யவமாலை, மூன்று வரிசை இருந்தால் அரசன், இரண்டு இருந்தால் மந்திரி, ஒன்று இருந்தால் செல்வன் என்று வரிசைப்படுத்துகின்றன. மொத்தத்தில் அந்தக் காலத்து மணிக்கட்டு, பதவியையும் பணத்தையும் சொல்கிற இடம்.

அப்படியானால் ஆயுளை எங்கே பார்த்தார்கள்? சுண்டு விரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரல் பக்கம் போகும் ரேகையில். அந்த ரேகை ஆள்காட்டி விரல்வரை எட்டினால் நூறு வயது. இன்று நாம் இருதய ரேகை என்று சொல்கிறோமே, அதுதான் வராகமிகிரருடைய ஆயுள் ரேகை. குழந்தைகளை எங்கே பார்த்தார்கள்? கட்டை விரலின் அடியில். அங்கே உள்ள பெரிய ரேகைகள் ஆண் பிள்ளைகள், மெல்லியவை பெண் பிள்ளைகள். இதெல்லாம் சரியா தப்பா என்பது இப்போது பேச்சில்லை. பிருகத் சம்ஹிதை மணிக்கட்டு வளையத்தில் ஆயுளையும் தேடவில்லை, பிள்ளைப் பேற்றையும் தேடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்ததற்கு வாருங்கள்.

மணிக்கட்டு ரேகையில் ஆயுளை எண்ணும் வழக்கம் இன்று இரண்டு கணக்காக நடக்கிறது. நம் பக்கத்துச் சிறு புத்தகங்களில் ஒரு ரேகைக்கு இருபத்தைந்து வருஷம் என்று போடுவார்கள்: மூன்று இருந்தால் எழுபத்தைந்து, நான்கு இருந்தால் நூறு. ஐரோப்பியப் புத்தகங்களில் ரேகை ஒன்றுக்கு முப்பது வருஷம் என்பது பரவலான கணக்கு. அப்படிப் பார்த்தால் மூன்று ரேகைக்காரர் தொண்ணூறு வரை இருப்பார். ஒரே கை, ஒரே மூன்று ரேகை. புத்தகம் மாறினால் பதினைந்து வருஷம் கூடுகிறது.

சரி, எத்தனை ரேகை என்பதாவது நிலையாக இருக்கிறதா? இப்போதே பார்த்துவிடலாம். எல்லாரும் வலது கையை நீட்டி, உள்ளங்கை மேலே தெரியும்படி, மேசையில் வைத்தது போல் தட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு மிக அருகில் ஒரு ஆழமான கோடு தெரியும். அதற்குச் சற்றுக் கீழே, முழங்கை பக்கமாக, இன்னொன்று. பலருக்கு இந்த இரண்டுதான் தெளிவாகத் தெரியும். இப்போது விரல்கள் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி மணிக்கட்டைக் கொஞ்சம் மடியுங்கள். மூன்றாவது ஒன்று எழுகிறதா? சிலருக்கு நான்காவதும் வரும். இனி கையைப் பின்பக்கமாக வளையுங்கள். தோல் இழுபட்டு, ஆழமில்லாதவை மறைந்துபோகும். அரை நிமிஷத்துக்குள் ஐம்பது வயதும் நூறு வயதும் உங்கள் கையில் வந்துபோயின. ஜோசியர் எந்தக் கோணத்தில் கையைப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. இடது கையிலும் எண்ணிப் பாருங்கள். பலருக்கு இரண்டு கையும் ஒத்துப்போகாது.

இந்தக் கோடுகள் ஏன் இருக்கின்றன என்பது எளிது. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. கை மடங்கும்போது முன்கை எலும்புக்கும் முதல் வரிசைக்கும் நடுவிலும், இரண்டு வரிசைகளுக்கு நடுவிலும் அசைவு நடக்கிறது. சட்டைக் கை முழங்கையில் எங்கே மடிகிறதோ அங்கே சுருக்கம் விழுவது போல, தோலும் மூட்டு மடங்குகிற இடத்தில் கீழே உள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டு மடிப்பாகிறது. உள்ளங்கையின் பெரிய மடிப்புகள் கருவில் நான்காம் மாதத் தொடக்கத்துக்குள்ளேயே அமைந்துவிடுகின்றன. அதனால் பிறந்த குழந்தைக்கும் ரேகை உண்டு. உழைப்பால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய மடிப்புகளுக்கு நடுவே வரும் மெல்லிய கோடுகள் தோலின் வறட்சியாலும், வயதாலும், உடம்பு இளைப்பதாலும் பெருப்பதாலும் கூடும், குறையும். சங்கிலி போல் முறிந்து தெரியும் மணிக்கட்டு ரேகையைக் கஷ்ட ஜீவனம் என்று சொல்வார்கள். தோல் வறண்டவர் கையில் அந்தச் சங்கிலி எளிதாகத் தெரியும்.

மருத்துவர்களுக்கு இந்தக் கோடு வேறு வகையில் உபயோகம். கை அறுவை செய்கிறவர், கைக்கு அருகில் உள்ள மணிக்கட்டு மடிப்பை வைத்துத்தான் உள்ளே நரம்பு போகும் குகை எங்கே தொடங்குகிறது என்று கணிக்கிறார். சித்த வைத்தியர் நாடி பார்க்கும்போதும் அந்த மடிப்பிலிருந்து தள்ளி, கட்டை விரல் பக்கமாக மூன்று விரலை வைத்து வாதம், பித்தம், கபம் என்று உணர்கிறார்.

சித்த மருத்துவத்தில் இன்னொன்றும் உண்டு. மணிக்கடை நூல் என்பார்கள். அகத்தியர் பெயரில் வழங்கும் சூடாமணிக் கயிறு சூத்திரம் அதன் மூலநூல். மணிக்கட்டிலிருந்து நான்கு விரற்கடை மேலே, முன்கையை ஒரு நூலால் சுற்றி அளப்பார்கள். அந்த நூலை நோயாளியின் விரலாலேயே எத்தனை விரற்கடை என்று கணக்கிடுவார்கள், கால் விரற்கடை வித்தியாசம் வரை பார்த்து. ஒவ்வோர் அளவுக்கும் ஒரு நோய்க்குறி சொல்லப்பட்டிருக்கிறது. இதை நான் நம்பச் சொல்லவில்லை. ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிக்கிறது: இது அளவு. இரண்டு பேர் தனித்தனியாக அளந்து ஒப்பிடலாம், தவறினால் தவறு என்று காட்டலாம். வளைந்திருக்கிறது, வளையவில்லை என்ற ரேகைப் பேச்சில் அந்த வசதி இல்லை.

இப்போது அந்த வில் போல் வளைந்த முதல் ரேகைக்கு வருவோம். இதை உலகம் முழுக்கப் பரப்பியவர் கீரோ. வில்லியம் ஜான் வார்னர் என்பது இயற்பெயர். 1866இல் அயர்லாந்தில் பிறந்து 1936இல் அமெரிக்காவில் இறந்தார். இந்தியாவில் பிராமணர்களிடம் ரேகை கற்றதாகச் சொல்லிக்கொண்டவர். அந்தப் பேச்சே நம் ஊரில் அவருக்கு ஒரு மரியாதையை வாங்கிக் கொடுத்தது. நம் நாட்டு வித்தைதானே சுற்றித் திரும்பி வருகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

மணிக்கட்டு ரேகைகளில் தனக்குப் பெரிய ஈடுபாடு இல்லாதது போல எழுதும் கீரோ, இந்த ஒன்றை மட்டும் விடுவதில்லை. முதல் ரேகை உள்ளங்கைக்குள் வளைந்து ஏறியிருந்தால் பெண்ணுக்குப் பிள்ளைப் பேற்றில் உள்ளுறுப்புக் கோளாறு என்கிறார். ஆதாரமாக ஒரு கதையும் சொல்கிறார். கிரேக்கர்கள் காலத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் கோவிலுக்குப் போய்ப் பூசாரியிடம் கையைக் காட்ட வேண்டுமாம். இந்த ரேகை ஏறியிருந்தால் அவளுக்குக் கல்யாணம் செய்ய விடமாட்டார்களாம். வெஸ்டல் கன்னியாகக் கோவிலிலேயே வைத்துக்கொள்வார்களாம்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. வரலாற்றோடு வைத்துப் பார்த்தால்தான் சங்கடம். வெஸ்டல் கன்னியர் கிரேக்கத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர், ரோமாபுரியைச் சேர்ந்தவர்கள். வெஸ்டா தேவியின் அணையா நெருப்பைக் காத்தவர்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்த விதியை ஆலஸ் கெல்லியஸ் என்ற இரண்டாம் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். பெண்ணுக்கு ஆறு வயதுக்குக் குறையக் கூடாது, பத்துக்கு மேல் போகக் கூடாது. தாய் தந்தை இருவரும் உயிரோடு இருக்க வேண்டும். பேச்சிலோ காதிலோ குறை இருக்கக் கூடாது, உடலில் வேறு எந்தக் குறையும் இருக்கக் கூடாது. முப்பது வருஷம் பணி. அதற்குப் பிறகு விரும்பினால் கல்யாணம் செய்துகொள்ளலாம்.

ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். கல்யாண வயதில் கையைக் காட்ட வந்த பெண் என்கிறது கதை. ஆறு முதல் பத்து வயதுக் குழந்தை என்கிறது விதி. உள்ளுறுப்புக் குறையால் சேர்க்கப்பட்டவள் என்கிறது கதை. உடற்குறை இருந்தால் சேர்க்கவே மாட்டார்கள் என்கிறது விதி. வாழ்நாள் முழுக்கக் கோவிலில் என்கிறது கதை. முப்பது வருஷம் என்கிறது விதி. கீரோ சொன்ன ஆதாரத்தில் நிற்கிற கால் ஒன்றுகூட இல்லை.

பிறகு இந்த வளைவு எதனால் வருகிறது? கட்டை விரலின் அடியில் ஒரு மேடு, எதிர்ப்பக்கம் சுண்டு விரலுக்குக் கீழே ஒரு மேடு. முதல் மடிப்பு இந்த இரண்டு மேடுகளின் அடியை ஒட்டித்தான் ஓடுகிறது. இரண்டும் சந்திக்கும் நடு இடம் பள்ளம். மேடுகள் உருண்டு திரண்டிருந்தால், நடுவில் மடிப்பு மேல்நோக்கி ஏறுவது போலத் தெரியும். சதைப் பிடிப்பான கையில், கொஞ்சம் மடித்துப் பிடித்தால், வளைவு இன்னும் நன்றாகத் தெரியும். ஆண்கள் கையிலும் இது சாதாரணம். இங்கே உட்கார்ந்திருக்கும் ஐயாக்கள் பார்த்துக்கொள்ளலாம். கருப்பைக்கும் இதற்கும் தொடர்பு சொல்ல உடற்கூற்றில் வழியில்லை. கருப்பையின் அமைப்பு தெரிய வேண்டுமானால் ஸ்கேன் இருக்கிறது. குழந்தை இல்லாத தம்பதியரில் ஆண் பக்கக் காரணமும் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளையின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்த பெண் வீட்டாரை நான் கேள்விப்பட்டதில்லை.

இனி சுக்கிர வளையம். பெயரே ஒரு புதிர். சுக்கிர மேடு என்று ரேகைக்காரர் சொல்வது கட்டை விரலின் அடிவாரம். இந்த வளையமோ அதன் பக்கமே போவதில்லை. நடுவிரலின் கீழுள்ள சனி மேட்டையும், மோதிர விரலின் கீழுள்ள சூரிய மேட்டையும் அணைத்துக்கொண்டு நிற்கிறது. சுக்கிரன் பெயர் அதற்கு இடத்தால் வரவில்லை, பொருளால் வந்தது. ஐரோப்பியப் புராணத்தில் வீனஸ் காதல் தேவதை. கிரேக்கர்கள் அஃப்ரோடைட்டி என்பார்கள். ஹோமரின் இலியத்தில் அவளுடைய மாயக் கச்சையை ஹீரா இரவல் வாங்கிப் போய் ஜீயஸை மயக்குகிறாள். அந்தக் கச்சையைத்தான் உள்ளங்கையில் கட்டிவிட்டார்கள். ஆகவே இந்தக் கோடு இருந்தால் காமம் மிகுதி என்ற பலன், பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

நம் சுக்கிரன் அப்படி இல்லை. அவர் ஆண், அசுர குரு, மிருத சஞ்சீவினி மந்திரம் தெரிந்தவர். வாமனனுக்குத் தாரை வார்க்க விடாமல் வண்டாகிக் கமண்டலத்தின் மூக்கை அடைத்து, தர்ப்பையால் ஒரு கண் போனவர். அவர் இடுப்பில் கச்சை கட்டி யாரையும் மயக்கியதாகக் கதை இல்லை. ஜோதிடத்தில் அவர் களத்திர காரகர் என்பதால் இரண்டும் லேசாக ஒட்டிக்கொண்டன. பிருகத் சம்ஹிதையின் கை லட்சணப் பகுதியில் விரலுக்கு விரல் கிரக மேடுகளும் இல்லை, சுக்கிர வளையமும் இல்லை.

மேற்கு நாடுகளிலேயே இதன் பலன் நூறு ஆண்டுகளில் எப்படி மாறியது என்பது சுவாரசியம். பாரிஸில் 1859இல் கை மர்மங்கள் பற்றிப் பெரிய நூல் எழுதிய தெபரோல், இதைக் கட்டுக்கடங்காத இச்சையின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். நூற்றாண்டு முடிவதற்குள் அந்தப் பேச்சு நாகரிகமாகப் படவில்லை. கீரோ கொஞ்சம் தளர்த்தினார்: தடித்த கையில் மட்டுமே காமம், மெல்லிய நீண்ட கையில் இருந்தால் எளிதில் புண்படும் மனசு, நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் மனநிலை என்றார். 1900இல் பென்ஹாம் என்ற அமெரிக்கர் விஞ்ஞான ரேகை சாஸ்திரம் என்று பெயரிட்டு எழுதிய தடித்த புத்தகத்தில் அது நரம்புப் படபடப்பும் ஹிஸ்டீரியாவும் ஆயிற்று. அந்தக் காலத்தில் பெண்களுக்கு ஹிஸ்டீரியா என்பது டாக்டர்கள் எல்லாரும் எழுதிக்கொடுத்த நோய். ரேகைக்காரர்கள் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து எழுதினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு மூன்றாம் பதிப்பு வந்தபோது, ஹிஸ்டீரியா என்ற பழைய நோய் வேறு வேறு நோய்களாகப் பிரிந்துபோனது. ரேகைப் புத்தகங்களில் மட்டும் அது இன்னும் ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற பெயரில் குடியிருக்கிறது. புதிய புத்தகங்களில் கலைத்திறன், நுண்ணுணர்வு என்று இன்னும் மெருகு ஏறிவிட்டது.

கையில் அதை எப்படி அடையாளம் காண்பது? விரல்களைச் சற்றுக் குவித்துக் கையைக் கிண்ணம் போல் ஆக்குங்கள். விரல் அடி மூட்டுகள் மடங்கும்போது நடு இரண்டு விரல்களின் கீழே தோல் குறுக்காகச் சுருங்கும். அந்தச் சுருக்கத்தில் நிலைத்த கோடு இருந்தால் அதுவே வளையத்தின் துண்டு. கையை விரித்தால் பலருக்கு அது மறைந்துவிடும். ஆள்காட்டி விரலை மட்டும் சுற்றுவது வேறு, நடுவிரலை மட்டும் சுற்றுவது வேறு. அவற்றுக்குத் தனிப் பெயரும் தனிப் பலனும் உண்டு. இருதய ரேகைக்கு மேல் அதோடு சேர்ந்தாற்போல் ஓடும் இணைக்கோட்டையும் பலர் சுக்கிர வளையம் என்று தவறாகச் சொல்லிவிடுவார்கள். இரண்டு முனைகளும் விரல் இடுக்குகளில் முடிய வேண்டும் என்பது புத்தக விதி. அப்படி முழுதாக உள்ள கை அரிது. ஆகவே நடைமுறையில் பலன் சொல்லப்படுவது பெரும்பாலும் துண்டுக் கோடுகளுக்குத்தான்.

‘உங்களுக்கு மனசு ரொம்ப மென்மை, வெளியே காட்டிக்கமாட்டீங்க’ என்று வளையத்தைப் பார்த்துச் சொன்னால், இல்லை என்று மறுப்பவர் யார்? இதைச் சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ரே ஹைமன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர். இளைஞராக இருந்தபோது செலவுக்குக் கைரேகை பார்த்துச் சம்பாதித்தார். கேட்டவர்கள் எல்லாரும் சரி சரி என்றதால் அவருக்கே ரேகையில் நம்பிக்கை வந்துவிட்டது. ஸ்டான்லி ஜாக்ஸ் என்ற மேடைக் கலைஞர் அவரிடம் ஒரு யோசனை சொன்னார்: வேண்டுமென்றே புத்தகத்துக்கு நேர் எதிராகச் சொல்லிப் பார். ஹைமன் அப்படியே செய்தார். கேட்டவர்கள் முன்பு போலவே பொருந்துகிறது என்று வியந்தார்கள்.

அடுத்த முறை உங்கள் தெருவுக்கு ரேகை பார்ப்பவர் வந்தால், நீங்களும் ஒன்று செய்து பார்க்கலாம். அவர் உங்கள் கையில் சுக்கிர வளையம் என்று காட்டும் கோட்டைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொரு ரேகைக்காரரிடம் எதையும் சொல்லாமல் அதே கையைக் காட்டி, சுக்கிர வளையம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பேனாக் குறியை அழித்துவிட்டுப் போங்கள்.